புளூட்டோ ஒரே இடத்தை ஏன் மூன்று முறை கடக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "2022 ஏப்ரலில் சனி கும்பத்துக்குப் போனது, ஜூலையில் மகரத்துக்குத் திரும்பியது, 2023 ஜனவரியில்தான் மறுபடி கும்பம் வந்தது. 2025 மார்ச்சில் மீனத்துக்குப் போனபோது மட்டும் ஏன் திரும்பி வரவில்லை?" அவர் சொல்வது திருக்கணிதக் கணக்கு. கேள்வி மிக நல்ல கேள்வி. மெதுவாக நகரும் வெளிக்கோள்களின் கோசாரத்துக்குத் தேதி குறிக்கும் வேலை முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

வக்ரம் என்பது நம் பார்வைக்கு மட்டும் நிகழ்வது என்று பள்ளியிலேயே படித்திருப்போம். பூமி வேகமாகச் சுற்றுகிறது, வெளிக்கோள் மெதுவாகச் சுற்றுகிறது, நாம் அதை முந்தும் மாதங்களில் அது பின்னோக்கிப் போவதாகத் தெரிகிறது. எனக்கு மிகப் பிடித்தது இதற்கு அடுத்த படி. கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தி, தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரின் மேல் விரலும் இங்குமங்கும் ஆடும். இப்போது தலையை அசைத்தபடியே விரலை மிக மெதுவாக ஒரு பக்கமாக நகர்த்துங்கள். வானில் தெரியும் வெளிக்கோளின் பாதை அதுதான்: பூமி ஓராண்டில் சூரியனைச் சுற்றுவதால் வரும் ஆட்டமும், கோளின் சொந்த நகர்வும் சேர்ந்த கூட்டுத்தொகை.

இந்த இரண்டில் எது பெரியது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். சனி ஓராண்டில் சுமார் 12 பாகை முன்னேறுகிறது, வக்ரத்தில் சுமார் 7 பாகை பின்வாங்குகிறது. முன்னேற்றம் அதிகமாக இருப்பதால் ஓர் ஆண்டின் வக்ரப் பகுதிக்கும் அடுத்த ஆண்டின் வக்ரப் பகுதிக்கும் நடுவே, சனி ஒரே ஒருமுறை மட்டும் கடக்கும் இடைவெளி இருக்கிறது. கும்பத்தின் எல்லை 2022இன் வக்ரப் பகுதிக்குள் விழுந்தது, அதனால் மூன்று முறை கடந்தது. மீனத்தின் எல்லை இடைவெளியில் விழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் வக்ர நிவர்த்தி ஆனபோது சனி மீனத்தில் ஏறக்குறைய ஒரு பாகையில் நின்றது. இன்னும் ஒரு பாகை பின்வாங்கியிருந்தால் கும்பத்துக்குப் போயிருக்கும். வாசகருக்கு விடை இவ்வளவுதான்.

புளூட்டோவில் இந்த விகிதம் தலைகீழ். பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. இப்போது அது ஆண்டுக்கு ஏறக்குறைய 1 பாகை 46 கலை முன்னேறுகிறது, ஆனால் வக்ரத்தில் சுமார் இரண்டரை பாகை பின்வாங்குகிறது. ஆகவே வக்ரப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, இடைவெளியே கிடையாது. எந்தப் புள்ளியானாலும் குறைந்தது மூன்று முறை கடந்தே தீரும்.

மேல்நாட்டு ஜோதிடர்கள் பெரிதாகப் பேசிய ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776 ஜூலை 4ஐ அந்நாட்டின் பிறந்தநாளாக வைத்து ஜாதகம் கணிக்கிறார்கள். அதில் புளூட்டோவின் இடம் சாயனக் கணக்குப்படி மகரம் 27 பாகை 33 கலை. ஒரு முழுச் சுற்று முடித்துப் புளூட்டோ அதே இடத்துக்குத் திரும்பியதைத்தான் பெரிதாகப் பேசினார்கள். 2022 ஏப்ரல் இறுதியில் புளூட்டோ 28 பாகை 35 கலையில் நின்று வக்ரம் தொடங்கியது. அக்டோபர் 8 அன்று 26 பாகை 7 கலையில் நிவர்த்தியானது. ஜாதகப் புள்ளி இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதால் மூன்று கடப்புகள்: பிப்ரவரி 20ஐ ஒட்டி, ஜூலை 11ஐ ஒட்டி, டிசம்பர் 28ஐ ஒட்டி.

அடுத்த ஆண்டு வக்ரத்தில் அது மறுபடி இறங்கி வந்தது, ஆனால் 27 பாகை 53 கலையிலேயே திரும்பிவிட்டது. இருபது கலை போதாமல் நான்காவது, ஐந்தாவது கடப்புகள் நிகழவில்லை. அந்தப் புள்ளி 28 பாகையில் இருந்திருந்தால் ஐந்து முறை கடந்திருக்கும். கோள் நின்று திரும்பும் இடத்திலேயே புள்ளி விழுந்தாலொழிய, எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படைதான். புள்ளிக்குப் பின்னால் தொடங்கி முன்னால் போய் முடிய வேண்டுமென்றால், முன்னோக்கிய கடப்பு பின்னோக்கியதைவிட ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும். இவ்வளவு எளிய காரணம் இத்தனை குழப்பமான பாதைக்குள் இருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

புளூட்டோ சூரியனைச் சுற்ற 248 ஆண்டுகள் ஆகும். 1776உடன் கூட்டினால் 2024 வருகிறது. ஏன் 2022? சாயன ராசிச் சக்கரம் வசந்தகாலச் சமஇரவுப் புள்ளியிலிருந்து அளக்கப்படுகிறது. அந்தப் புள்ளியே ஆண்டுக்கு 50 விகலை பின்னோக்கி நகர்வதால், இந்தக் கால அளவில் மூன்றரை பாகை வித்தியாசம் சேர்ந்துவிட்டது. புளூட்டோவின் வேகத்தில் அது இரண்டு ஆண்டு. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நம் நிரயனக் கணக்கில் போட்டால் அதே நிகழ்வு 2024இல்தான் வரும். ஒரே கோள், ஒரே வானம், இரண்டு முறைகள், இரண்டு வெவ்வேறு ஆண்டுகள். கோள் உண்மையிலேயே ஏதோ செய்கிறது என்றால் அது எந்த ஆண்டில் செய்யும்? இரு தரப்பும் தத்தம் தேதியே பலித்தது என்று சொல்கிறபோது, பலன் வானத்திலிருந்து வரவில்லை என்றுதான் நான் முடிவெடுப்பேன்.

பலன் சொல்லும் முறையையும் பார்ப்போம். முதல் கடப்பில் பிரச்சினை எழும், வக்ரக் கடப்பில் உள்ளுக்குள் அலசப்படும், மூன்றாவதில் தீரும் என்பது பரவலான வாசிப்பு. புளூட்டோவுக்கு அதிகாரம், அழிவு, மறுபிறப்பு என்று காரகத்துவம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோள் கண்டுபிடிக்கப்பட்டதே 1930இல்தான் என்பதால் இந்தக் காரகத்துவமும் அதன் பிறகு வந்ததே. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது, முதல் கடப்புக்கு நான்கு நாள் கழித்து. ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை ரத்து செய்தது, இரண்டாவது கடப்புக்கு இரண்டரை வாரம் முன்பு. கேட்கும்போது சிலிர்க்கும். ஆனால் துல்லியமான புள்ளிக்கு இருபுறமும் ஒரு பாகை வரை பலன் செல்லும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். இங்கே அந்த ஒரு பாகைக்கு என்ன பொருள்? 2021 மார்ச் வாக்கில் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டு, 2023 இறுதி வரை! அந்நாட்டின் எந்த மூன்று ஆண்டை எடுத்தாலும் இப்படி இரண்டு நிகழ்ச்சிகள் கிடைக்கும். பெரிய நிகழ்ச்சி எதுவும் பொருந்தாத டிசம்பர் 28ஐ யாரும் எடுத்துப் பேசுவதுமில்லை.

கோள்நிலையைக் கணக்கிட அரசு செலவிடும் பணத்தை நான் மனமாற ஆதரிக்கிறேன். கொல்கத்தாவிலுள்ள நிலைசார் வானியல் மையம் வெளியிடும் பஞ்சாங்கம் அருமையான வேலை. 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தை அறிவியல் பட்டப்படிப்பாகக் கொண்டுவந்ததை ஆதரிக்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2004இல் அனுமதித்தது, அது சட்டம். ஆனால் ஒரு துறை அறிவியலாவது, தன் கணிப்பு தவறக்கூடிய ஒரு தேதியை முன்கூட்டியே எழுதிவைக்கும்போதுதான்.

தனிமனித ஜாதகத்தில் இது இன்னும் கடினம். லக்னம் சராசரியாக நான்கு நிமிடத்தில் ஒரு பாகை நகர்ந்துவிடுகிறது. புளூட்டோ அதே ஒரு பாகையை முன்னேற ஏறக்குறைய ஏழு மாதம் எடுக்கிறது. மருத்துவமனையில் பிறந்த நேரத்தைக் குத்துமதிப்பாக நான்கு நிமிடம் தள்ளி எழுதியிருந்தால், லக்னத்தின் மேல் புளூட்டோ வரும் தேதி ஏழு மாதம் தள்ளிப்போகும். சில சமயம் மூன்று கடப்பு ஐந்தாகவும் மாறும். இதைச் சரிசெய்ய, வாழ்க்கையில் நடந்த சம்பவங்களை வைத்துப் பிறந்த நேரத்தைத் திருத்துகிறார்கள். சம்பவத்தை வைத்து நேரத்தைத் திருத்திவிட்டு, அந்த நேரம் சம்பவத்தைக் காட்டுகிறது என்றால் அது சோதனை ஆகாது. உங்கள் ஜோதிடர் இப்படித் திருத்தியிருந்தால், திருத்தத்துக்குப் பயன்படுத்தாத சம்பவங்களை மட்டும் வைத்துப் பொருத்திப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.