மீடியன்: இடைநிலை அளவா, மைய மதிப்பா?

“வளைவரையிலிருந்து மைய மதிப்பைக் காண்க” என்று ஒரு பயிற்சித்தாளில் மறுபடியும் பார்த்தேன். தொண்டியிலிருந்து கீழக்கரை வரைக்கும் டியூஷன்களில் சுற்றிவரும் தாள் அது. கைடுகளிலும் காணொளிப் பாடங்களிலும் மீடியனுக்கு இதே சொல்தான் பரவிக்கொண்டிருக்கிறது. இந்தச் சொல் தவறு. அது மாணவரின் கண்ணை வரைபடத் தாளில் தப்பான அச்சுக்குக் கொண்டுபோகிறது.

மீடியன் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடு என்று பொருள்படும் இலத்தீன் ‘மெடியஸ்’ இதன் வேர். புள்ளியியல் பொருளில் 1843இல் கூர்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் பரப்பியவர் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர். மீடியனைக் காண நாம் வரையும் S வடிவ வளைவுக்கு ‘ஓஜைவ்’ என்ற கட்டடக்கலைச் சொல்லை 1875இல் புள்ளியியலுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. நம் பாடநூல் மீடியனுக்கு வைத்திருக்கும் சொல் இடைநிலை அளவு. அதில் உயிர் ‘நிலை’ என்ற பகுதியில் இருக்கிறது. எல்லாவற்றையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பது எதுவோ, அதன் அளவு. அதாவது முதலில் நிற்கும் இடத்தைத் தேட வேண்டும், அப்புறம்தான் அளவை வாசிக்க வேண்டும். வரைபடத் தாளில் செய்வதும் அதேதான்.

கணக்குக்காக ஒரு படகில் வந்த 80 நீலக்கால் நண்டுகளை எடுத்துக்கொள்வோம். எடை 50–100 கிராமில் 14, 100–150இல் 30, 150–200இல் 18, 200–250இல் 10, 250–300இல் 5, 300–350இல் 3. இதைக் கூட்டிக்கொண்டே போனால் 14, 44, 62, 72, 77, 80. கிடை அச்சில் 2 செ.மீ.க்கு 50 கிராம், செங்குத்து அச்சில் 2 செ.மீ.க்கு 10 நண்டு என்று அளவுத்திட்டம் வைத்தால் சாதாரண வரைபடத் தாளில் வசதியாக அடங்கும். 50க்கு நேரே சுழி, 100க்கு நேரே 14, 150க்கு நேரே 44 என்று ஒவ்வொரு பிரிவின் மேல் எல்லையிலும் புள்ளி வைத்து, கை நடுங்காமல் வளைவாக இணைக்க வேண்டும். பிறகு செங்குத்து அச்சில் 80இல் பாதியான 40ஐக் கண்டு, அங்கிருந்து கிடையாக வளைவு வரை ஒரு கோடு, வளைவைத் தொட்ட இடத்திலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு. அது கிடை அச்சைச் சந்திக்கும் இடம் சுமார் 143 கிராம். சூத்திரத்தில் போட்டாலும் 143.3 வரும். தாளில் ஒரு சிறு கட்டம் 2.5 கிராம் என்பதால் 142 என்றோ 145 என்றோ எழுதும் பிள்ளையின் விடையைத் தப்பு என்று அடிக்கக் கூடாது.

சரி, இங்கே ‘மைய மதிப்பு’ என்ன கெடுதல் செய்கிறது? மதிப்புகள் கிடை அச்சில் இருக்கின்றன. ‘மைய மதிப்பைக் காண்க’ என்றால் பிள்ளை நேரே மதிப்புகளின் மையத்துக்குப் போகிறது. 50க்கும் 350க்கும் மையம் 200. அங்கிருந்து மேலே கோடு போட்டு, வளைவில் 62ஐத் தொட்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறது. பாதியாக்க வேண்டியது எண்ணிக்கையை, எடையை அல்ல என்பதைச் சொல்லே மறைத்துவிடுகிறது.

இன்னொரு குழப்பம் இதைவிட மோசம். ‘மைய மதிப்பு’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. 100–150 என்ற பிரிவுக்கு மைய மதிப்பு 125. கூட்டுச் சராசரி காணும்போது இதைத்தான் பயன்படுத்துகிறோம். அதே சொல்லை மீடியனுக்கும் கொடுத்தால், 40ஆவது நண்டு விழும் பிரிவைச் சரியாகக் கண்டுபிடித்த பிள்ளைகூட அதன் மையமான 125ஐ விடையாக எழுதிவிடுகிறது. இன்னும் சிலர் புள்ளிகளையே மேல் எல்லையில் வைக்காமல் 75, 125, 175 என்று மைய மதிப்புகளில் வைத்துவிடுகிறார்கள். வளைவு முழுவதும் அரைப் பிரிவு, அதாவது 25 கிராம், இடப்பக்கம் நகர்ந்து விடை 118 ஆகிறது. வளைவின் வடிவம் மாறாததால் பார்வைக்கு எதுவும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ‘எல்லையை விடக் குறைவானவை’ வளைவோடு, ‘எல்லையை விட அதிகமானவை’ வளைவையும் அதே தாளில் வரைய வேண்டும். இரண்டாவதில் கீழ் எல்லைகளில் புள்ளி: 50க்கு நேரே 80, 100க்கு 66, 150க்கு 36. இரண்டும் வெட்டும் புள்ளியின் உயரம் 40ஆக இருக்க வேண்டும். இரண்டு வளைவுகளுக்கும் மைய மதிப்புகளில் புள்ளி வைத்திருந்தால் வெட்டும் இடம் 52 பக்கம் ஏறிவிடும். உடனே தவறு தெரிந்துவிடும். வெட்டும் இடத்தின் எடையை மட்டும் வாசித்து உயரத்தைப் பார்க்காமல் விடுவோருக்கு இந்தச் சோதனையால் பயனில்லை.

‘மைய மதிப்பு’ எளிய சொல், ‘இடைநிலை அளவு’ கடினம் என்று வாதிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இடைநிலைப் பள்ளி, இடைநிலை ஆசிரியர் என்று தினமும் பேசும் ஊரில் இது யாருக்குக் கடினம்? மொழிபெயர்ப்பவர் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்ப்பதால் வரும் வினை இது. அதே கைகள்தான் ‘அதிர்வெண் வளைவு’ என்றும் எழுதுகின்றன. அதிர்வெண் ஒலிக்கும் அலைக்கும் உரிய சொல். எத்தனை நண்டு என்று எண்ணியதற்கு நிகழ்வெண் என்ற நல்ல சொல் பாடநூலிலேயே இருக்கிறது.

பாடநூலின் ‘குவிவு நிகழ்வெண் வளைவு’ மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குவிலென்ஸ், குவியாடி என்று படித்த பிள்ளைக்குக் குவிவு என்றால் புடைத்த வடிவம். இந்த வளைவோ பாதி ஒரு பக்கமும் மீதி மறுபக்கமும் வளைவது. இலங்கைத் தமிழர் வைத்திருக்கும் ‘திரள்’ என்ற சொல் எவ்வளவோ தெளிவு. சேர்ந்துகொண்டே போவதை அது அப்படியே சொல்கிறது. திரள் நிகழ்வெண் வளைவு என்றே நான் எழுதுகிறேன்.

ஆனால் அவர்களுடைய எல்லாச் சொல்லையும் அப்படியே எடுத்துவிட முடியாது. மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இலங்கை வினாத்தாள்களையும் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். அங்கே நிகழ்வெண்ணுக்கு மீடிறன், சராசரிக்கு இடை, மீடியனுக்கு இடையம் என்று பெயர். நம் பிள்ளை ‘இடை’யைப் பார்த்ததும் இடைநிலை அளவு என்று நினைத்து வளைவிலிருந்து 143ஐ எழுதும். அவர்கள் கேட்டது கூட்டுச் சராசரி. இந்த நண்டுக் கணக்கில் அது 156.9 கிராம். ‘இடையம்’ என்று கேட்டால் மட்டுமே 40இலிருந்து கோடு போட வேண்டும்.