எட்டாவது குதிரை இருக்கும்வரை: ஈச்-வே பந்தயத்தின் கணக்கு

பிரிட்டனில் குதிரைப் பந்தயம் கட்டுபவர்களிடம் ‘ஈச்-வே’ என்றொரு முறை உண்டு. பத்து பவுண்டு ஈச்-வே என்று சொன்னால் கையிலிருந்து போவது இருபது பவுண்டு. அதில் பத்து, குதிரை ஜெயிக்கும் என்று. இது வின். இன்னொரு பத்து, முதல் சில இடங்களுக்குள் வரும் என்று. இது பிளேஸ். இரண்டும் தனித்தனிப் பந்தயங்கள். ஒரே சீட்டில் எழுதப்படுகின்றன, அவ்வளவுதான்.

வின் பகுதிக்கு முழு விலை. விலை என்பது கட்டும் பணத்துக்கு எத்தனை மடங்கு லாபம் என்பதுதான்; 16/1 என்றால் ஒரு பவுண்டுக்குப் பதினாறு பவுண்டு லாபம். பிளேஸ் பகுதிக்கு அந்த விலையில் கால் பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான். எத்தனை இடம், எந்தப் பின்னம் என்பதை ஓடும் குதிரைகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. வழக்கமான விதிப்படி நான்கு குதிரைகள் வரை பிளேஸே கிடையாது. ஐந்து முதல் ஏழு வரை இரண்டு இடம், 1/4. எட்டும் அதற்கு மேலும் மூன்று இடம், 1/5. குதிரையின் தரத்துக்கேற்ப எடை ஏற்றி ஓடவிடும் ஹேண்டிகேப் பந்தயங்களில் கொஞ்சம் தாராளம்: 12 முதல் 15 வரை மூன்று இடம், 1/4, 16-உம் அதற்கு மேலும் நான்கு இடம், 1/4.

16 குதிரை ஓடும் ஒரு ஹேண்டிகேப்பில் 16/1 விலையுள்ள குதிரைமேல் பத்து பவுண்டு ஈச்-வே கட்டியதாக வைத்துக்கொள்வோம். பதினாறில் கால் பங்கு நான்கு, ஆக பிளேஸ் விலை 4/1. குதிரை மூன்றாவதாக வந்தால் வின் பத்து போய்விடும்; பிளேஸுக்கு நாற்பது லாபமும் கட்டிய பத்தும் சேர்ந்து ஐம்பது வரும். போட்டது இருபது, நிகர லாபம் முப்பது. ஜெயித்தால் இரண்டு பகுதியுமே பலிக்கும், ஏனென்றால் முதலிடமும் ஓர் இடம்தான். வின்னுக்கு 170, பிளேஸுக்கு 50, மொத்தம் 220. 2009-இல் 40 குதிரைகள் ஓடிய கிராண்ட் நேஷனலில் மோன் மோம் 100/1 விலையில் ஜெயித்தது. வழக்கமான நான்கு இட, 1/4 விதியில் அதன்மேல் ஒரு பவுண்டு ஈச்-வே கட்டியவருக்கு வின்னில் 101, பிளேஸில் 26, ஆக இரண்டு பவுண்டுக்கு 127 பவுண்டு கிடைத்திருக்கும்.

தசம விலை பார்ப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். 16/1 என்பது திரையில் 17.0 என்று தெரியும். அதை நான்கால் வகுத்தால் 4.25 வரும், அது தவறு. 17-க்குள் கட்டிய பணமும் அடங்கியிருக்கிறது, பின்னமோ லாபத்துக்கு மட்டும். ஒன்றைக் கழித்து, வகுத்து, மறுபடி ஒன்றைக் கூட்ட வேண்டும்: 5.0.

இதிலிருந்தே ஓர் எல்லை தெரிந்துவிடும். 1/4 விதியில் 4/1 குதிரை இடம் பிடித்தால் பிளேஸில் வரும் பத்து லாபம், வின்னில் போன பத்தோடு நேராகிவிடும். 1/5 விதியில் அந்த எல்லை 5/1. அதற்குக் கீழே விலையுள்ள குதிரை இரண்டாவதாக வந்தாலும் கையைக் கடிக்கும். 2/1 குதிரைமேல் ஈச்-வே கட்டிவிட்டு “இடம் பிடித்துவிட்டது” என்று சந்தோஷப்படுகிறவர், 1/5 விதியில் இருபது போட்டு பதினான்கு வாங்குகிறார்.

கடைசி இடத்துக்கு இரு குதிரைகள் சமமாக வந்தால் பிளேஸ் பணம் பாதியாக எடுத்துக்கொள்ளப்படும். மேலே சொன்ன 16/1 குதிரை நான்காம் இடத்தைப் பகிர்ந்தால் ஐந்து பவுண்டு மட்டும் 4/1-இல் ஓடி, 25 பவுண்டு கொடுக்கும்.

இதுவரை வெறும் பெருக்கல்தான். சுவாரசியம், இந்தப் பின்னங்கள் குதிரைகளைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வகுக்கப்பட்டவை என்பதில் இருக்கிறது. எட்டுக் குதிரைகளும் ஒரே பலம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான விலை 7/1. மூன்று இடத்துக்குள் வரும் வாய்ப்பு எட்டில் மூன்று, அதாவது 37.5%. பிளேஸ் விலையோ ஏழில் ஐந்தில் ஒரு பங்கு, 1.4, அந்த விலையில் நட்டமில்லாமல் தப்ப 41.7% வாய்ப்பு வேண்டும். பந்தயப் பணத்தை வாங்கிக்கொள்ளும் புக்மேக்கருக்கே சாதகம்.

இப்போது அதே எட்டில் ஒன்றை அசுரப் பலசாலியாக்குங்கள். விலைகள் 4/5, 5/1, 7/1, 10/1, 20/1, 33/1, 66/1, 100/1 என்று இருக்கட்டும். ஒவ்வொரு குதிரையின் பிளேஸ் விலைக்கும் தேவைப்படும் வாய்ப்பைக் கணக்கிட்டுக் கூட்டுவோம். நிரப்ப வேண்டிய இடங்கள் மூன்று, ஆகவே உண்மையான வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 300%. புக்மேக்கர் லாபம் பார்க்க வேண்டுமென்றால் விலைகளிலிருந்து வரும் கூட்டுத்தொகை அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் வருவது சுமார் 256%. தன் பக்கம் சாய வேண்டிய தராசை விதியே எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டது.

காரணம் எளிது. முதல் குதிரை எவ்வளவு பலசாலியானாலும் ஓர் இடத்துக்கு மேல் பிடிக்க முடியாது. வின் விலையில் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பை விழுங்கிவிட்ட அது, பிளேஸில் ஒரே இடத்தோடு நின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் இரண்டு இடங்களுக்கு மற்ற ஏழும் போட்டியிடுகின்றன. அவற்றின் விலையோ முதல் குதிரைக்குப் பயந்து ஏறிக்கிடக்கிறது. 10/1 குதிரையை எடுத்துக்கொண்டால் பிளேஸ் விலை 2/1, தேவைப்படும் வாய்ப்பு 33%. வின் விலைகளை மட்டும் வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால் அது மூன்றுக்குள் வரும் வாய்ப்பு 40%-ஐ ஒட்டி நிற்கிறது. தோராயம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஜெயிக்க ஓடும் குதிரையும் இடம் பிடித்தால் போதும் என்று ஓடும் குதிரையும் ஒன்றல்ல, சூத்திரத்துக்கு அது தெரியாது. ஆனாலும் ஏழு புள்ளி இடைவெளி சாதாரணமல்ல. இத்தகைய பந்தயங்களைத் தேடித் தேடிக் கட்டுகிறவர்கள் போடக்கூடிய தொகையைப் புக்மேக்கர்கள் சீக்கிரமே குறைத்துவிடுவதில் ஆச்சரியமில்லை.

சரியாக எட்டு என்ற எண்ணிக்கைதான் இங்கே ஆணிவேர். பந்தயத்தன்று கட்டும் பணத்துக்கு, புறப்படும் நேரத்தில் எத்தனை குதிரை நிற்கிறதோ அதுவே கணக்கு. காலையில் 100/1 குதிரைக்குக் கால் வீக்கம், ஓடவில்லை என்று அறிவிப்பு வருகிறது. ஜெயிக்கவே வாய்ப்பில்லாத ஒன்று போனதால் யார் விலையும் அசையாது. விலகிய குதிரைக்காக வெற்றிப் பணத்தில் பிடிக்கும் ‘ரூல் 4’ கழிவும் இந்த விலைக்குக் கிடையாது. பார்ப்பவருக்கு எதுவுமே மாறவில்லை போலிருக்கும். ஆனால் எட்டு ஏழானதும் மூன்று இடம் இரண்டாகிறது, 1/5 என்பது 1/4 ஆகிறது.

பின்னம் உயர்ந்ததால் 10/1 குதிரைக்கு இப்போது பத்து பவுண்டு பிளேஸில் 35 வரும், முன்பு 30. ஆனால் மூன்றாவதாக வந்தால் பூஜ்யம். மீதி ஏழின் விலைகளை அப்படியே வைத்துத் திரும்பக் கூட்டினால் சுமார் 226% வருகிறது; உண்மையில் இருக்க வேண்டியது 200%. காலையில் கட்டுபவர் பக்கம் இருந்த பந்தயம், பந்தயத்தில் ஓடவே தகுதியில்லாத ஒரு குதிரை லாயத்திலேயே நின்றுவிட்டதால் மாலைக்குள் புக்மேக்கர் பக்கம் போய்விட்டது.