மூடுபனியிலும் மண்டப விளக்கிலும் ஒரே பழுப்புக் கூந்தல்

சேலத்தில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். போன தை மாதம் ஒரு ஜோடியின் படங்கள் வந்தன. கல்யாணத்துக்கு முன்பே ஏற்காடு ஏரிக்கரையில், காலை ஏழு மணி மூடுபனியில் எடுத்தவை ஒரு பகுதி. அதில் பெண்ணுக்குக் கருகருவென்ற கூந்தல். அப்புறம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அடர் பழுப்பில் டை அடித்துக்கொண்டார். ஆல்பத்தில் ஏற்காடும் மண்டபமும் எதிரெதிர்ப் பக்கங்களில் வருகின்றன. "அண்ணா, ஏற்காட்டுப் படத்துலயும் இதே கலர் வெச்சிடுங்க" என்று கேட்டார்.

மண்டபப் படத்தில் கூந்தலின் நிறத்தைத் தொட்டெடுத்து, ஏற்காட்டுப் படத்தின் மேல் `Color` லேயராகப் பூசிப் பார்த்தேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. பளபளப்புப் பட்டை மட்டும் ஆரஞ்சாக மாறி, தலையில் நைலான் விக் வைத்தது போல ஆகிவிட்டது. ஏன் இப்படி ஆனது என்று தேடிப் போனதில்தான் முடியின் மேல் ஒளி என்ன செய்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது.

ஒரு டம்ளர் காபி டிகாஷனை ஜன்னல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆழமான இடத்தில் கறுப்பு. டம்ளரைச் சாய்த்தால், ஓரத்தில் மெல்லிதாகப் படரும் இடத்தில் செம்பழுப்பு. இரண்டும் ஒரே டிகாஷன்தான். ஒளி அதற்குள் எவ்வளவு தூரம் போய்வருகிறதோ அவ்வளவுக்கு விழுங்கப்படுகிறது. நீலம் முதலில் போகும், சிவப்பு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஆனால் மேற்பரப்பில் மின்னும் ஜன்னலின் பிம்பத்தைக் கவனியுங்கள். அதில் பழுப்பே கிடையாது. அந்த ஒளி டிகாஷனுக்குள் போகவே இல்லை.

முடியும் அப்படித்தான். அதன் மேல்தோல் நிறமற்ற செதில்களால் ஆனது. நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 5 சதவீதம் அந்தச் செதிலிலேயே பட்டுத் திரும்பிவிடும். அதுதான் பளபளப்பு, அதன் நிறம் விளக்கின் நிறம். மீதி ஒளி உள்ளே நுழைந்து, மெலனினிலோ டையிலோ வடிகட்டப்பட்டு வெளியே வரும்போது முடியின் நிறத்தைக் கொண்டுவருகிறது. உள்ளே போன ஒளியில் ஒரு பகுதி முடியின் பின்சுவரில் பட்டுத் திரும்பி, இரண்டாவதாக ஒரு மினுமினுப்பையும் தரும். இது நிறமுள்ளது. செதில்கள் சுமார் 3 டிகிரி சாய்ந்திருப்பதால் வெள்ளைப் பட்டை வேர்ப் பக்கமும், நிறப் பட்டை நுனிப் பக்கமும் கொஞ்சம் விலகி நிற்கும். கணினி வரைகலை ஆய்வாளர் ஸ்டீவ் மார்ஷ்னரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2003-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். திரைப்பட வரைகலையில் முடியை உருவாக்குகிறவர்கள் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறார்கள்.

சரி, என் படத்துக்கு வருவோம். முதல் தவறு, தொட்டெடுத்த நிறம் கூந்தலுடையது மட்டுமல்ல. மண்டபத்தின் மஞ்சள் விளக்கும் அதில் கலந்திருந்தது. அதைப் பிரிக்க அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பொருள் வேண்டும். மாப்பிள்ளையின் வேட்டி இருந்தது. பச்சையை விட்டுவிட்டுச் சிவப்பையும் நீலத்தையும் மட்டும், எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன். வேட்டியில் சிவப்பு 100, நீலம் 40. கூந்தலில் சிவப்பு 12, நீலம் 1.6. வகுத்தால், இந்தக் கூந்தல் தன்மேல் விழும் சிவப்பில் நூற்றுக்கு 12-ஐயும், நீலத்தில் நூற்றுக்கு 4-ஐயும் திருப்பித் தருகிறது. விளக்கை நீக்கிய உண்மையான பழுப்பு இதுதான்.

ஏற்காட்டில் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மூடுபனியில் அந்தச் சட்டையின் சிவப்பு 85, நீலம் 100. அந்த வெளிச்சத்தில் அதே கூந்தல் சிவப்பு 10.2, நீலம் 4 என்று தெரிய வேண்டும். மண்டபத்தில் சிவப்பு நீலத்தைப் போல ஏழரை மடங்கு. பனியில் இரண்டரை மடங்கு மட்டுமே. நான் ஏழரை மடங்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனிக்குள் வைத்திருந்தேன்.

இந்தக் கணக்கைத் திரையில் காட்டும் 0 முதல் 255 வரையிலான எண்களில் நேராகப் போடக் கூடாது. 80 என்று காட்டும் இடத்தில், 40 காட்டும் இடத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி இருக்கிறது. அதனால் கேமராவின் ரா கோப்பிலிருந்து தொடங்கி, GIMP மென்பொருளில் `Image > Precision` போய் `Linear light` தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன். கணக்கே வேண்டாம் என்றால், இரண்டு படங்களிலும் வேட்டியும் சட்டையும் வெள்ளையாகத் தெரியும்வரை வெள்ளைச் சமநிலையைத் திருத்திவிட்டு, நிறத்தை மாற்றி, கடைசியில் அந்தத் திருத்தத்தை அதே அளவுக்குத் திரும்ப எடுத்துவிடலாம். பலன் ஒன்றேதான்.

இரண்டாவது தவறு பெரியது. கறுப்புக் கூந்தலுக்குள் போன ஒளி பெரும்பாலும் திரும்புவதில்லை. அந்தப் படத்தில் நிழலான இடங்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் வந்திருந்தது. அப்படியானால் கறுப்புக் கூந்தலின் படத்தில் நாம் பார்ப்பது கிட்டத்தட்ட முழுக்கப் பளபளப்பையே. அதன் மேல் நிறம் பூசினால், நிறமே படக் கூடாத இடத்தில்தான் போய் உட்காரும்.

ஆகவே பூசாமல் கூட்டினேன். பழைய படத்தை அப்படியே வைத்து, அதன் மேல் பழுப்பு லேயர் ஒன்றை `Addition` முறையில் சேர்த்தேன். பளபளப்பு பனியின் வெளிர் நீலத்திலேயே இருக்க, அதற்கு அடியிலிருந்து பழுப்பு எழும்பி வந்தது. அந்த லேயரை ஒரே சீராக நிரப்பக் கூடாது. பனியில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் உச்சியில் முழு அளவு, காதுக்குப் பின்னும் கழுத்தோரத்திலும் பாதிக்கும் கீழே என்று மெல்லத் தேய வேண்டும். பிறகு வெள்ளைப் பட்டைக்குச் சற்று நுனிப் பக்கமாக, செம்பழுப்பில் இன்னொரு மெல்லிய பட்டை. அது வந்ததும் கூந்தலுக்கு உயிர் வந்துவிட்டது.

அதே ஜோடியை ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில், முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது எடுத்த படம் வேறு மாதிரி. அங்கே ஒளி முடிக்குள் ஊடுருவி நேராக நம் பக்கம் வருகிறது. தலையோரத்துத் தனி முடிகள், டம்ளர் ஓரத்து டிகாஷன் போல, மற்ற இடத்தைவிடப் பிரகாசமாகவும் அதிகச் சிவப்பாகவும் இருக்க வேண்டும். பனிப் படத்தில் அந்த ஓரத்தைப் போட்டால் உடனே பொய்யாகத் தெரியும்.

கண்ணின் நிறத்தை மாற்றும்போதும் விதி இதேதான். கருவிழியில் தெரியும் விளக்கின் புள்ளியைத் தொடக் கூடாது. விளக்கு இடது மேலே இருந்தால், விழியின் முன்பக்கம் ஒளியைக் குவித்து வலது கீழ்ப் பக்கத்தை வெளிச்சமாக்கும். புது நிறமும் அங்கேதான் கூடுதலாக இருக்க வேண்டும்.

சில படங்களில் இது நடக்காது. வரவேற்பு மேடையின் ஊதா விளக்கில் பச்சை ஒளி ஏறக்குறைய இல்லை; வேட்டியிலேயே அது பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும்போது வகுத்தால் வருவது நிறமல்ல, புள்ளிப் புள்ளியான இரைச்சல்தான். அந்த மாதிரிப் படங்களில் கூந்தலை அப்படியே விடச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்திலும் இருண்ட கூந்தல் ஏற்கெனவே கட்டம் கட்டமாகச் சிதைந்திருக்கும். வெளிச்சம் கூட்டினால் அந்தக் கட்டங்களே முன்னுக்கு வரும்.

வேலை முடிந்ததும் நான் பார்ப்பது மூக்கு நுனியை. அங்கே எண்ணெய்ப் பசையில் மின்னும் ஒளியும் மேற்பரப்பில் பட்டுத் திரும்பியதுதான். இருநூறு சதவீதம் பெரிதாக்கி, அந்தப் புள்ளியையும் கூந்தலின் வெள்ளைப் பட்டையையும் அருகருகே வைப்பேன். இரண்டின் சாயலும் ஒன்றாக இல்லாவிட்டால், பழுப்பு எங்கோ பளபளப்பில் ஏறியிருக்கிறது. ஏற்காட்டுப் படத்தில் மூன்றாவது முறைதான் அவை ஒத்துப்போயின.