பிரஸ்ஸில் போன விரல்: ஒரே விபத்தை மூன்று பேருக்கு எழுதுவது எப்படி?

ஒரு தொழிற்சாலையில் விபத்து நடந்தால் அதைப் பற்றி ஒரு அறிக்கையோடு வேலை முடிவதில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதி ஒன்று கேட்பார், வழக்கறிஞர் ஒன்று கேட்பார், இயக்குநர் குழு வேறொன்று கேட்கும். மூன்றையும் மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்து எழுதினால் சில மாதங்களில் அவை ஒன்றோடொன்று மோதும். அப்படி மோதாமல் எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. விளக்கத்துக்காக அமைத்த ஒரு நிகழ்வை வைத்தே அதைப் பார்க்கலாம்.

சென்னைப் புறநகரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை. தகட்டை அழுத்தி வடிவமைக்கும் 63 டன் மெக்கானிக்கல் பிரஸ். கால் பெடலை மிதித்தால், அழுத்தும் பாகமான ராம் ஒரு முறை இறங்கி ஏறும். முன்பக்கம் ஒளித்திரை: கை குறுக்கே போனால் கிளட்ச் விட்டு பிரேக் பிடிக்க வேண்டும். மாலை ஷிஃப்டில் ஆபரேட்டர் பெடலை மிதித்த அதே கணம் தகடு கோணலாக இருப்பதைப் பார்த்து இடது கையை உள்ளே விட்டார். திரை வேலை செய்தது. பிரேக்கும் பிடித்தது. ஆனாலும் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு எலும்போடு போய்விட்டது.

அன்றிரவே முதல் வரைவு இப்படி எழுதப்படும்: "ஆபரேட்டர் விதியை மீறிக் கையை உள்ளே விட்டதால் விபத்து." இதில் பொய் இல்லை. ஆனால் கையை உள்ளே விட்டால் இயந்திரத்தை நிறுத்துவதற்காகத்தானே திரையை மாட்டினார்கள்? அது ஏன் காப்பாற்றவில்லை என்பதுதான் இந்த விபத்தின் விஷயம். அதைத் திறக்க ஒரு எளிய கணக்கு போதும்.

14 மி.மீ. அளவுள்ள விரலையும் கண்டறியும் ஒளித்திரையை, தகட்டுக்கு வடிவம் தரும் அச்சான டையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 13855 தரநிலையில் ஒரு சூத்திரம் உண்டு. தூரம் 500 மி.மீ.க்குள் இருக்கும்வரை அது இவ்வளவுதான்:

S = 2000 × T

T என்பது திரை மறிக்கப்பட்டதிலிருந்து ராம் முழுதாக நிற்கும்வரை ஆகும் நேரம், விநாடியில். 2000 என்பது கை நகரும் வேகமாகத் தரநிலை எடுத்துக்கொள்ளும் மதிப்பு, விநாடிக்கு மி.மீ. கணக்கில். திரையை மாட்டிய நாளின் பதிவேட்டில் T 0.12 விநாடி. அதற்கு 240 மி.மீ. போதும், 250-இல் மாட்டினார்கள், சரி. விபத்துக்குப் பிறகு, பிரேக்கில் யாரும் கை வைப்பதற்கு முன், பத்து முறை அளந்ததில் மிக மோசமான அளவு 0.19. அதற்கு 380 மி.மீ. வேண்டும். திரையோ அதே 250-இல் இருக்கிறது. தரநிலை வேகத்தில் போகும் கை 0.125 விநாடியில் டையைத் தொட்டுவிடும். ராம் நிற்க அதற்கு மேலும் 0.065 விநாடி ஆகும். பிரேக் லைனிங் தேயத் தேய, திரை இருந்த இடத்திலேயே இருந்தும் பாதுகாப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

இனி எழுத்து வேலை. முதலில் வேண்டியது யாருக்கும் அனுப்பாத ஒரு மூலப் பட்டியல். ஒரு வரிக்கு ஒரு தகவல். ஒவ்வொன்றுக்கும் எண், ஆதாரம், உறுதியின் அளவு. இந்த நிகழ்வின் பட்டியலில் நான்கு வரிகளைப் பார்ப்போம்.

தகவல் 3: நிற்கும் நேரம் 0.19 விநாடி, விபத்துக்கு மறுநாள் காலை அளந்தது, அளவித் தாள் இணைப்பு. தகவல் 6: விபத்துக்கு 11 நாள் முன், பிரஸ்ஸை வேலைக்கு அமைத்துக் கொடுக்கும் செட்டர் எழுதிய பராமரிப்புச் சீட்டு, "ராம் மேலே நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கிறது." தகவல் 7: அதே சீட்டின் கீழே பராமரிப்புப் பிரிவின் பதில், "பிரேக் அட்ஜஸ்ட் செய்யப்பட்டது", நேரம் அளந்ததாகப் பதிவு இல்லை. தகவல் 9: தகடு எடுக்கும் இடுக்கி பிரஸ்ஸில் தொங்கியது என்கிறார் ஒரு சாட்சி, உடைந்து ஒரு வாரம் ஆகிறது என்கிறார் இன்னொருவர், முடிவாகவில்லை.

தகவல் 6-இன் கனம் அனுபவமுள்ள செட்டருக்குப் புரியும். ராம் உச்சியில் நிற்காமல் சறுக்கினால் பிரேக் தளர்ந்திருக்கிறது என்று பொருள். கருவி எதுவும் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் அறிகுறி அது.

நேரத்தை எழுதும்போது எந்தக் கடிகாரம் என்றும் எழுதுங்கள். கேமரா 4:42 காட்டும், வருகைப் பதிவுக் கருவியின் கடிகாரம் அதிலிருந்து மூன்று நிமிடம் பின்தங்கியிருக்கும். சொல்லாமல் விட்டால் இரண்டு அறிக்கையில் இரண்டு நேரம் வரும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும்.

இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துத்தான் மூன்று அறிக்கையும் எழுத வேண்டும். எதை முன்னால் வைப்பது, எவ்வளவு விரிப்பது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதெல்லாம் வாசகருக்கு ஏற்ப மாறலாம். அளவு, நேரம், வரிசை, யாருக்கு எப்போது தெரியும், எது உறுதியில்லை ஆகியவை மாறக்கூடாது. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் தகவல் எண் இருக்கட்டும். எண் போட முடியாத வாக்கியம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கருத்தாக இருக்கும்.

சங்கப் பிரதிநிதிக்கு எழுதும்போது விபத்தின் காரணம் முதல் பத்தியிலேயே வர வேண்டும், ஷிஃப்டில் பேசும் மொழியில்: "திரை மறித்தது. ஆனால் பிரேக் தேய்ந்திருந்ததால் ராம் நிற்கத் தாமதமானது. ராம் நிற்க இப்போது ஆகும் நேரத்துக்குத் திரை 380 மி.மீ. தள்ளி இருந்திருக்க வேண்டும், 250-இல் இருந்தது." சூத்திரம் தேவையில்லை, கேட்டால் அளவித் தாளைக் காட்டலாம். அடுத்து, மற்ற பிரஸ்களின் நிலை. அந்த லைனில் இன்னும் ஐந்து இருந்தால், அவற்றை அளந்தாயிற்றா, அளக்கும்வரை ஓடுமா நிற்குமா என்பதுதான் நாளை காலை ஷிஃப்டுக்கு வருபவரின் கேள்வி.

மூன்றாவது, அடிபட்டவரின் நிலை. விரல் "நசுங்கியது" என்று எழுதுவதில் அவருக்கு நஷ்டம் இருக்கிறது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் காய அட்டவணையில் ஆள்காட்டி விரலின் ஒரு கணு போனால் 9 சதவீத இழப்பு. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5 சதவீதம். எனவே எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணு, எலும்பு உண்டா என்பதை மருத்துவமனைச் சீட்டில் உள்ளபடியே எழுத வேண்டும், அடிபட்டவரின் சம்மதத்தோடு. இடுக்கிக்குப் பதில் கையை விட்டதையும் மறைக்க வேண்டாம். ஆலையின் வேலைக்காகவே செய்த செயல் என்றால், அறிவுறுத்தலை மீறியிருந்தாலும் அது வேலை சார்ந்த விபத்துதான் என்று அதே தொகுப்பு வகுத்திருக்கிறது. பலரும் இது தெரியாமல், பயந்துகொண்டு அந்த வரியை மழுப்பிவிடுகிறார்கள். சாட்சிகளின் பெயர் மட்டும் இந்த அறிக்கையில் வேண்டாம். ஊருக்கே தெரிந்தாலும் எழுத்தில் வேண்டாம்.

வழக்கறிஞருக்கு எழுதுவது வேறு வேலை. அவருக்குக் கதையோட்டம் வேண்டாம், காலவரிசை வேண்டும். ஒவ்வொரு வரியிலும் பார்த்ததா, கேட்டதா, ஊகமா என்று பிரித்திருக்க வேண்டும். தகவல் 3 இங்கே நீளும்: 0.19 என்பது மறுநாள் அளவு. விபத்து நேரத்தில் அதுவேதான் என்று நிரூபணம் இல்லை. இடைப்பட்ட நேரத்தில் பிரஸ் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்ற பதிவு இருக்கிறது. 2000 என்பது தரநிலையின் மதிப்பு, அந்த ஆபரேட்டருடைய கையின் வேகம் அல்ல. தகவல் 9-க்கு இரண்டு சாட்சிகளும் சொன்னதை அவரவர் வார்த்தையிலேயே கொடுங்கள். சமரசமாக ஒரு வாக்கியம் ஆக்கிவிடாதீர்கள். "அலட்சியம்", "கவனக்குறைவு" போன்ற சொற்கள் இங்கே வரவே கூடாது. அவை சட்டத்தில் முடிவுகள். தீர்மானிப்பது வேறொருவர் வேலை.

பாதகமான தகவல்தான் முதலில் போக வேண்டும். இங்கே அது 6-ம் 7-ம்: குறை 11 நாள் முன்பே எழுத்தில் வந்திருக்கிறது, சரிசெய்ததற்கு அளவு இல்லை. இதை விட்டுவிட்டு அனுப்பினால் வழக்கறிஞருக்கு அது எதிர்த்தரப்பு மூலம்தான் தெரியவரும். வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டதாலேயே பராமரிப்புச் சீட்டு ரகசிய ஆவணம் ஆகிவிடும் என்று நினைப்பதும் தவறு; வழக்கமான வேலையில் உருவான பதிவேடு அப்படியேதான் இருக்கும். கேமராப் பதிவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பாமல் மூலக் கோப்பையே எடுத்து வையுங்கள். 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பு கேட்கப்படுகிறது; கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி அது, கோப்பு சற்று மாறினாலும் அதுவும் மாறிவிடும். வாட்ஸ்ஆப் வீடியோவைச் சுருக்கிவிடும், மதிப்பு பொருந்தாது.

இயக்குநர் குழுவுக்கு ஒரு பக்கம் போதும். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைவிட இன்று எதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்பது முக்கியம். முதல் வரி இப்படி இருக்கலாம்: "ஆறு பிரஸ்களிலும் நிற்கும் நேரத்தை அளந்து முடிக்கும்வரை உற்பத்தியை நிறுத்தவும், அளவுக் கருவி வாங்கவும் ஒப்புதல் தேவை." அதன் பிறகு காரணம் மூன்று வரியில். அதன் பிறகு தகவல் 6, தேதியோடு. இதைக் குழுவிடமிருந்து மறைக்க மேலாளர்களுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் கம்பெனி நடத்தும் ஆலையில் சட்டப்படி ஆலையின் பொறுப்பாளர் இயக்குநர்களில் ஒருவர்தான். வழக்கு அவர் பெயரில் வரும்போதுதான் சீட்டைப் பற்றி முதன்முதலாக அவர் கேள்விப்பட்டால், எழுதியவர் நிலைமை நன்றாக இருக்காது. தொழிலாளியின் பெயரும் மருத்துவ விவரமும் இங்கே தேவையில்லை.

இந்த மூன்றுக்கும் முன்பே போய்விடுவது அரசுக்கான அறிவிப்பு. அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாவிட்டால் அறிவிக்க வேண்டும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவிலும், அதன் இடத்துக்கு வந்த 2020 தொழில் பாதுகாப்புத் தொகுப்பின் 10ஆம் பிரிவிலும் அளவுகோல் இதுவே. அந்தப் படிவத்தில் "காரணம்" என்று கேட்கும் இடத்தில்தான் "ஆபரேட்டரின் தவறு" என்று அவசரமாக எழுதிவிடுவார்கள். பிறகு 0.19 தெரியவரும்போது, அரசிடம் சொன்னது ஒன்று, குழுவிடம் சொன்னது ஒன்று என்றாகிவிடும். "பிரஸ் ஸ்ட்ரோக்கின்போது இடது ஆள்காட்டி விரலில் காயம், காரணம் விசாரணையில்" என்று எழுதினால் படிவமும் நிரம்பும், பின்னால் மாற்றவும் வேண்டியிருக்காது.

அனுப்பும் முன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுதாத ஒருவரிடம் கொடுங்கள். எண்களையும் தேதிகளையும் மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். ஒன்றில் "சுமார் கால் விநாடி", இன்னொன்றில் "0.19" என்று இருந்தால் அகப்பட்டுவிடும். அடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற இரண்டு வாசகர்களும் படிப்பதாக நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடைமுறையில் படிக்கவே செய்வார்கள். குழுவுக்கான பக்கத்தைச் சங்கத்தார் படித்தால் "இதை எங்களுக்குச் சொல்லவில்லையே" என்று எந்த வரியில் நிற்பார்கள்? அந்த வரி இடம் காரணமாக விடப்பட்டதா, வேண்டுமென்றே விடப்பட்டதா என்பதற்கு எழுதியவரிடம் பதில் இருக்க வேண்டும்.

பிறகு திருத்தம். ஒரு வாரம் கழித்துப் பழைய பொருள் தொட்டியில் உடைந்த இடுக்கி கிடைக்கிறது என்று வையுங்கள். தகவல் 9 மாறுகிறது, ஆனால் முழுதாக அல்ல: ஒரு இடுக்கி உடைந்திருந்தது உறுதி, மாற்று வந்ததா என்பது இன்னும் தெரியாது. முதலில் மூலப் பட்டியலில் பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே தேதியோடு புதிய வரியைச் சேர்க்க வேண்டும். பிறகு எந்த அறிக்கைகளின் ஓரத்தில் 9 இருக்கிறதோ அவை எல்லாவற்றுக்கும் அன்றைக்கே, ஒரே வாக்கியத்தில், பதிப்பு எண்ணோடு திருத்தம் போக வேண்டும்.