செங்கண்மாரிக்கு மூன்று பெட்டி

போன மாதம் 58 வயது ஐயா ஒருவர் விடுதிக்கு வந்தார். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர். கண் இரண்டும் மஞ்சள் அரைத்துப் பூசியது மாதிரி, கை கால் முழுக்கச் சொறிந்த தழும்பு. ஏழு கிழமையாகக் காலையில் வெறும் வயிற்றில் கீழ்க்காய்நெல்லிச் சாறு, எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, மீன் இல்லை. சாறம் இடுப்பில் நிற்கவில்லை என்று பட்டி கட்டியிருந்தார். மனைவியிடம் மலம் என்ன நிறம் என்று கேட்டேன். "அடுப்புச் சாம்பல் மாதிரி டொக்டர், ஒரு மாதமாய் அப்படித்தான்" என்றார். ஒரு மாதமாய்! இந்த வருடம் இப்படி வந்த நாலாவது ஆள் இவர், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்கண்மாரி ஒரு நோய் இல்லை. காய்ச்சல் எப்படி ஒரு நோய் இல்லையோ அப்படி. பழைய செங்குழியங்கள் உடைந்து வருகிற மஞ்சள் சாயம்தான் பிலிரூபின், அது இரத்தத்தில் கூடினால் கண் மஞ்சளாகும், அவ்வளவுதான், ஏன் கூடியது என்பது வேறு கதை. "என்ர அண்ணனுக்கும் வந்தது, சாறு குடிச்சு மாறினது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், மாறியிருக்கும். அண்ணனுக்கு வந்தது பெரும்பாலும் தண்ணீராலும் சாப்பாட்டாலும் தொற்றுகிற ஈரல் அழற்சி. அது சாறு குடித்தாலும் மாறும், குடிக்காவிட்டாலும் சில கிழமையில் மாறும். அந்த ஒரு வகைக்குக் கிடைத்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு மற்ற எல்லா மஞ்சளுக்கும் அதே சாற்றைக் கொடுக்கிறோம். பித்தக்குழாய் அடைபட்டவனுக்கு எந்த இலையைப் பிழிந்து கொடுத்தாலும் அடைப்பு அடைப்புத்தான்.

சரி, இனி எங்கள் விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கிற படத்துக்கு வருவோம். மாணவனாக இருந்தபோது செங்கண்மாரி பற்றிக் கேட்ட விரிவுரையின் குறிப்பு என்னிடம் இன்னும் இருக்கிறது, பதினெட்டுப் பக்கம், முழுக்கக் காரணங்களின் பெயர்ப் பட்டியல். புதிதாக வந்த இளம் வைத்தியர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தேன், இரவு இரண்டு மணிக்கு நோயாளி வந்தால் அந்தப் பட்டியல் யாருக்கும் உதவவில்லை. அதனால் ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று பெட்டி கீறினோம்: ஈரலுக்கு முன், ஈரலில், ஈரலுக்குப் பின். பெட்டி கீறுவது லேசு. எந்தக் கேள்வியை மேலே வைப்பது என்பதில்தான் ஒரு மணித்தியாலம் சண்டை.

கடைசியில் மேலே வைத்தது சலம். ஈரலுக்குள் போகாத பிலிரூபின் இரத்தத்தில் இருக்கிற அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும், சிறுநீரகம் அதை வெளியே விடாது. ஈரல் பக்குவப்படுத்திய பிலிரூபின் தண்ணீரில் கரையும், சலத்தில் வரும். ஆக, கண் மஞ்சள், சலத்தில் பிலிரூபின் இல்லை என்றால் முதல் பெட்டி. செங்குழியங்கள் அளவுக்கு மீறி உடைகின்றனவா என்று ஹீமோகுளோபினும் இளம் செங்குழிய எண்ணிக்கையும் பார். இந்தப் பெட்டியில் மட்டும் இருக்கிறவருக்குப் பிலிரூபின் டெசிலீற்றருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. தாண்டினால் வேறொன்றும் கூட இருக்கிறது என்று அர்த்தம். ஹீமோகுளோபினும் நல்லாயிருந்து மற்றதெல்லாம் சரியென்றால் அது கில்பேர்ட், பயப்படத் தேவையில்லாத பிறவிக் குணம். வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்குப் பட்டினி கிடந்தால்தான் மஞ்சள் கூடும், நாங்கள் அவர்களுக்கும் பத்தியம் சொல்லிக்கொடுக்கிறோம்.

சலம் தேயிலைச்சாயம் மாதிரி இருந்து, போத்தலில் குலுக்கினால் நுரையும் மஞ்சளாக வந்தால் இரண்டாவது கேள்வி, இரத்தத்தில் பார்க்கிற இரண்டு நொதியங்களைப் பற்றி: ஏ.எல்.டி கூடவா, ஏ.எல்.பி கூடவா? ஒவ்வொன்றையும் அதனதன் மேல் எல்லையால் வகுத்துப் பாருங்கள். ஏ.எல்.டி ஓங்கி நின்றால் ஈரல் கலங்கள் அடிபடுகின்றன, நடுப்பெட்டி. ஏ.எல்.பி ஓங்கி நின்றால் பித்தம் ஓடவில்லை. ஆனால் அடைப்புக் குழாயிலா ஈரலுக்குள்ளேயா என்று இரத்தம் சொல்லாது, சில மருந்துகளும் ஈரலுக்குள்ளேயே பித்தத்தை மறித்துவிடும். அதனால்தான் மூன்றாவது கேள்வி ஸ்கானுக்கு: குழாய் வீங்கியிருக்கிறதா? வீங்கியிருந்தால் கடைசிப் பெட்டி.

நம்ம ஐயாவை இந்தப் படத்தில் இறக்கிப் பாருங்கள். கையில் கொண்டுவந்த ரிப்போர்ட்டில் மொத்தப் பிலிரூபின் மட்டும்தான், 14. ஏதோ ஒரு ஆய்வுகூடத்தில் மூன்று தரம் காசு கட்டி மூன்று தரமும் அதையே பார்த்திருக்கிறார். மஞ்சள் எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரிகிறது, எங்கே இருந்து வருகிறது என்று அந்த ஒற்றை எண் சொல்லாது. நாங்கள் பார்த்தபோது 14 இல் 12 பக்குவப்பட்டது. ஏ.எல்.டி 88, எல்லை 40. ஏ.எல்.பி 640, எல்லை 120. ஒன்று இரண்டு மடங்கு, மற்றது ஐந்து மடங்கு. ஐ.என்.ஆர் 2.1, அதாவது இரத்தம் உறைய நேரமெடுக்கிறது. ஈரல் செத்துப்போச்சோ என்று இளம் வைத்தியர் பயந்தார். பித்தம் குடலுக்கு வராவிட்டால் விற்றமின் கே உறிஞ்சப்படாது, அதனாலும் ஐ.என்.ஆர் கூடும். நாளத்தில் 10 மில்லிகிராம் கொடுத்தோம், அடுத்த நாள் 1.2. ஈரல் வேலை செய்கிறது, சாமான்தான் வரவில்லை. திருந்தாமல் இருந்திருந்தால் நடுப்பெட்டியைத்தான் பயத்தோடு பார்த்திருப்பேன்.

வலது விலாவுக்குக் கீழே கை வைத்தால் பித்தப்பை முட்டியது, வலியில்லை. பித்தக்கல் அடைத்தது என்றால் பெரும்பாலும் அப்படி முட்டாது. ஸ்கானில் குழாய் 15 மில்லிமீற்றர், சதையியின் தலையில் கட்டி.

படத்துக்கு வெளியே நிற்பதையும் சொல்ல வேண்டும். கல் திடீரென்று குழாயில் மாட்டிய முதல் நாள் ஏ.எல்.டி பல நூறுக்கு ஏறி நடுப்பெட்டி மாதிரி நடிக்கும், இரண்டு மூன்று நாளில் விழுந்துவிடும். அதனால் வலியோடு வந்தவருக்கு ஒரே ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். அப்புறம் எலிக்காய்ச்சல். வயலில் நின்றவர், காய்ச்சல், கெண்டைக்கால் தொடவே முடியாத நோ, கண் சிவந்து மஞ்சள். பிலிரூபின் இருபதைத் தாண்டியிருக்கும், ஏ.எல்.டி இருநூறுகூட இருக்காது, சிறுநீரகம் அடிபட்டுக் கிரியற்றினின் ஏறியிருக்கும். எந்தப் பெட்டியிலும் அடங்காததால் பக்கத்தில் சிவப்பு மையால் தனி அம்பு போட்டிருக்கிறோம்: வயலா, சேறா, கேள். விதைப்புக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எலிக்காய்ச்சல் வராமல் கிழமைக்கொரு தரம் விழுங்கத் தருகிற டொக்சிசைக்கிளினை வாங்கி விழுங்குங்கள், சட்டைப்பையில் வைத்துத் துவைத்துவிட்டு வந்து என்னிடம் கதை சொல்லாதீர்கள்.

மஞ்சளோடு குலைப்பன் காய்ச்சலும் மேல்வயிற்று வலியும் என்றால் அன்றைக்கே வாருங்கள். மஞ்சளோடு ஆள் குழம்பிக் கதைத்தால், அல்லது தூங்கி வழிந்தால், உடனே. கர்ப்பிணி என்றால் அன்றைக்கே. மலம் வெளுத்தால் பித்தம் குடலுக்கு வரவில்லை, அந்தக் கிழமைக்குள் ஸ்கான். நாட்டு மருந்து எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நான் ஏசினாலும் பரவாயில்லை, என்ன குடித்தீர்கள் என்று தெரியாமல் நடுப்பெட்டியை வாசிக்க முடியாது.

ஐயாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கட்டி இரத்தக்குழாயைச் சுற்றிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது என்றார்கள். குழாய்க்குள் ஒரு சின்னக் குழல் வைத்துப் பித்தத்தை ஓடவிட்டார்கள். திரும்பி வந்தபோது மஞ்சள் வடிந்திருந்தது, சொறிவு நின்று இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நித்திரை கொண்டிருக்கிறார். முன்னால் இருந்து மெதுவாகக் கேட்டார், "இனிப் பொரிச்ச மீன் சாப்பிடலாமோ டொக்டர்?"

சாப்பிடச் சொன்னேன்.