தொனி: ஒரே பழமொழி, நான்கு குரல்கள்

பேசுகிறவர் தாம் சொல்லும் பொருளிடமும் கேட்பவரிடமும் ஒரு மனநிலையோடு இருப்பார். அந்த மனநிலை பேச்சில் ஒலிக்கும் விதம்தான் தொனி. 'அவர் பதிலில் சலிப்பு தொனித்தது' என்று எழுதினால், சலிப்பு என்ற சொல்லை அவர் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 'சரி, பார்க்கலாம்' என்று மட்டும் அவர் சொல்லியிருப்பார். அந்த இரண்டு சொற்களுக்குள் சலிப்பு கேட்டிருக்கும்.

சொல்லின் வேர் வடமொழியில் இருக்கிறது. ஒலி என்று பொருள்படும் 'த்வனி'தான் தமிழில் 'தொனி' ஆயிற்று. இரண்டு மெய்கள் சேர்ந்து சொல்லைத் தொடங்குவதைத் தமிழ் ஏற்காததால் ஒலி இளகியது. 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர் 'த்வன்யாலோகம்' என்ற நூலில் இந்தச் சொல்லுக்குப் புதிய கனம் கொடுத்தார். சொற்களின் நேர்ப்பொருளைத் தாண்டிக் குறிப்பாக உணர்த்தப்படும் பொருளை அவர் த்வனி என்றார். ஆங்கிலத்தின் 'டோன்' வேறு ஊற்றிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'டோனோஸ்' என்றால் இழுத்துக் கட்டுதல், நரம்பின் இறுக்கம். யாழின் நரம்பு ஒன்றேதான், இறுக்கம் மாறினால் ஒலி மாறும் என்பது அந்த வேருக்குள் இருக்கிறது. நாம் இன்று தொனி என்னும்போது இந்த மூன்றையுமே சேர்த்துத்தான் சொல்கிறோம்: ஒலி, குறிப்புப்பொருள், இறுக்கம்.

இதற்குத் தமிழ்ச்சொல் எது? 'மெய்ப்பாடு' என்று சிலர் எழுதுகிறார்கள். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. ஆனால் அவை உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைக் குறிப்பவை. கோபமே இல்லாதவர்கூடக் கண்டிப்பான தொனியில் பேச முடியும் என்பதால் இரண்டும் ஒன்றல்ல. 'நடை' என்பதும் பொருந்தாது. நடை ஓர் எழுத்தாளரோடு ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கும். தொனி அடுத்த வரியிலேயே மாறிவிடும். என் தேர்வு 'குரல்'. கனிந்த குரலில், கறாரான குரலில், தழுதழுத்த குரலில் என்று நாம் ஏற்கெனவே அதைத்தான் பயன்படுத்துகிறோம். எழுத்தில் வருவதையும் குரல் என்றே சொல்லலாம். தொனிக்கென்று புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவை இல்லை. 'தொனிக்கிறது' என்ற வினையும் நம் வாயில் ஊறிப்போய்விட்டது. அதையும் கைவிட வேண்டியதில்லை.

தொனியைப் பெயரிடும் சொற்களில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. கனிவு, முடுக்கு, கசந்த நகை, விழுமம் என்ற நான்கை எடுத்துக்கொண்டு, ஒரே பழமொழியை நான்கிலும் சொல்லிப் பார்க்கலாம்: 'தன் கையே தனக்கு உதவி.'

முதலில் பழமொழியின் உடலைப் பார்க்க வேண்டும். இதில் வினைச்சொல் இல்லை. அதனால் காலமும் இல்லை. 'தன்', 'தனக்கு' என்பவை யாரையும் நேராகச் சுட்டுவதில்லை. தொனிக்கு இடம் கொடுப்பது 'கையே' என்பதில் உள்ள ஏகாரம். தொல்காப்பியம் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் சொல்கிறது. இங்கே இரண்டு பொருந்தும். தேற்றமாகப் படித்தால், 'உன் கை நிச்சயமாக உனக்கு உதவும்' என்று உறுதி தருகிறது. பிரிநிலையாகப் படித்தால், 'மற்ற எவரும் இல்லை, உன் கை மட்டும்தான்' என்று பிரித்துக் காட்டுகிறது. ஒரே எழுத்து ஒரு பக்கம் நம்பிக்கையையும் இன்னொரு பக்கம் தனிமையையும் வைத்திருக்கிறது. எந்தப் பக்கம் முன்னால் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது தொனிதான்.

இனி ஒரு சூழ்நிலை. வீடு மாற்றும் நாள். உதவிக்கு வருவதாகச் சொன்ன நண்பர்கள் வரவில்லை. பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் தம்பி, வெளியூரில் இருக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைக்கிறான்.

அக்கா கனிவாகப் பேசினால் இப்படி வரும்: 'உன் கையே உனக்கு உதவிடா தம்பி. அவசரமில்லை, ஒவ்வொன்றா எடு.' கனிவு என்பது கனிதலிலிருந்து வந்த சொல். காய் பழமாகும்போது இறுக்கம் தளர்வதுபோல் மொழியின் இறுக்கமும் இங்கே தளர்கிறது. 'தன்' என்பது 'உன்' ஆகிறது. விளிச்சொல் வருகிறது. ஏகாரம் தேற்றத்தின் பக்கம் சாய்கிறது, 'உன் கையை நான் நம்புகிறேன்' என்று கேட்கிறது. 'தன்' என்றே விட்டிருந்தால் அவனுக்கு அறிவுரையாகத்தான் கேட்டிருக்கும். கனிவுக்குப் பக்கத்தில் பரிவு, வாஞ்சை, குழைவு என்று சொற்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியாது. பரிவில் எதிரில் இருப்பவரின் துன்பம் முன்னால் நிற்கும். வாஞ்சையில் நெடுநாள் பாசம் வேண்டும். குழைவு கூடிப்போனால் கெஞ்சலாகிவிடும். 'மென்மை' என்ற சொல் இந்த இடத்தில் போதாது. மென்மையாகவே ஒருவரை மறுத்து அனுப்பலாம், கனிவாக அது கடினம்.

முடுக்கு என்றால்: 'தன் கையே தனக்கு உதவி. சின்னப் பெட்டிகளை முதலில் ஏற்று. முடிந்ததும் கூப்பிடு.' பழமொழி முழுசாக, மாறாமல் நிற்கிறது. அதைத் தொடர்ந்து குறுகிய ஏவல்கள். அதற்கு இப்போது ஆறுதல் வேலை இல்லை, பேச்சை முடித்துச் செயலைத் தொடங்கும் வேலைதான். இந்தத் தொனிக்கு 'விறுவிறுப்பு' என்று எழுதுவது பழக்கம். ஆனால் அது அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலைச் சொல்வது, கதைக்குப் பொருந்தும். 'சுறுசுறுப்பு' ஆளின் குணம். தொல்காப்பியம் பாட்டின் வண்ணங்கள் இருபதைச் சொல்லும்போது விரைந்து ஓடும் ஒன்றை முடுகு வண்ணம் என்கிறது. அந்த வேரிலிருந்து வரும் 'முடுக்கு' எனக்குச் சரியாகப் படுகிறது. விரைவும் கேட்பவரை நகர்த்தும் நோக்கமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. இங்கே அடிக்கடி நேரும் பிழை, குறுக்கிக்கொண்டே போய் முரட்டுத்தனத்தில் விழுவது. மேலே உள்ளதில் 'முடிந்ததும் கூப்பிடு' என்ற மூன்றாம் வாக்கியத்தை எடுத்துவிட்டுப் படித்தால் அது புரியும். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டுப் போய்விட்டதுபோல் இருக்கும்.

மூன்றாவதுதான் தமிழில் பெயரிடக் கடினமானது. உதடு ஒரு பக்கம் கோணி வரும் சிரிப்பு. ஏமாற்றம் தெரியும், ஆனால் புலம்பல் இருக்காது. 'எள்ளல்' என்று எழுதுகிறார்கள். தொல்காப்பியம் நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலை முதலில் வைக்கிறது; ஆனால் எள்ளலுக்கு எள்ளப்படும் ஒருவர் வேண்டும். அங்கதத்துக்கும் தாக்கப்படுபவர் உண்டு. கிண்டல், நையாண்டி இரண்டிலும் குரல் உயர்ந்தே இருக்கும். நாம் தேடும் தொனியில் குரல் உயராது, சொல்பவரே நகைப்பில் பங்காளி. அதனால் 'கசந்த நகை' என்று இரண்டு சொற்களாகவே சொல்வது மேல். ஒற்றைச் சொல்லுக்காகப் பொருளைத் திரித்துக்கொள்ள வேண்டாம்.

இதைத் தம்பியே சொல்ல வேண்டும்: 'பத்துப் பேர் வர்றதா சொன்னாங்க. தன் கையே தனக்கு உதவி. ரெண்டு கையும் சரியான நேரத்துக்கு வந்துடுச்சு.' ஏகாரம் முழுக்கப் பிரிநிலைக்குப் போய்விட்டது. பழமொழி நெறியாக இல்லாமல், நடந்துவிட்ட ஒன்றின் குறிப்பாக மாறுகிறது. கசப்பு முதல் வாக்கியத்தில் இருக்கிறது, நகை மூன்றாவதில் இருக்கிறது, நடுவில் பழமொழி எழுத்து மாறாமல் நிற்கிறது. எழுத்தில் இந்தத் தொனி மிக எளிதாகத் தவறிப்போகும். நேரில் முகமும் இழுவையும் செய்யும் வேலையை இங்கே பக்கத்து வாக்கியங்கள் செய்தாக வேண்டும். முதல் வாக்கியத்தை நீக்கினால் தம்பி எதற்கோ பெருமை பேசுவதுபோல் ஆகும். மூன்றாவதை நீக்கினால் வெறும் குறையாகிவிடும். 'என்று கசப்போடு சிரித்தான்' என்று வெளியிலிருந்து சேர்ப்பதும் உதவாது. வரி ஒரு தொனியிலும் அடைமொழி இன்னொரு தொனியிலும் இருந்தால் வாசகர் வரியைத்தான் நம்புவார். சோதிக்க ஒரு வழி உண்டு. அந்த அடைமொழியை அடித்துவிட்டு, சூழ்நிலை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, சொன்னவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். அவர் 'கோபமா இருக்கான்' என்றால் நகை எழுத்துக்குள் வரவில்லை.

நான்காவது தொனி அந்த வீட்டுக்குள் வராது. பெட்டிகளுக்கு நடுவே நின்று அதே வரியை விழுமிய குரலில் சொன்னால் சிரிப்புத்தான் வரும். விழுமத்துக்குச் சந்தர்ப்பம் வேண்டும்: நினைவுக்கூட்டம், உறுதிமொழி, விடைபெறுதல். தொல்காப்பியத்தின் உரியியல் விழுமம் என்பதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள் தருகிறது. உயர்வும் துன்பமும் ஒரே சொல்லில் இருப்பதால்தான் இதை எடுத்தேன். 'கம்பீரம்' உயர்வை மட்டும் தருகிறது, 'சோகம்' துன்பத்தை மட்டும். 'தீவிரம்' இரண்டையும் விட்டுவிட்டு வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மறைந்த ஒருவரைப் பற்றிய உரையில் இப்படி வரலாம்: 'துணையென்று எவரும் இல்லாத ஆண்டுகளிலும் அவர் தம் வேலையை நிறுத்தவில்லை. தன் கையே தனக்கு உதவி என்று வாழ்ந்தவர் அவர்.' 'உன்' இல்லை, விளி இல்லை, ஏவல் இல்லை. வாக்கியம் நீள்கிறது, 'அவர்' கடைசிக்குப் போகிறது. ஏகாரத்தின் இரண்டு பொருளும் இங்கே ஒருங்கே கேட்கின்றன: அவருக்கு யாரும் இல்லை, அவர் கை அவரைக் கைவிடவும் இல்லை. 'அவரைப் போல யாரும் இல்லை', 'ஈடு இணையற்றவர்' என்று மேலும் அடுக்கினால் விழுமம் மேடைப்பேச்சாகிவிடும். பெரிய சொல் ஏற ஏற இடும்பை மறைந்து சிறப்பு மட்டும் மிஞ்சும். அப்படி மிஞ்சியிருக்கிறதா என்று தெரிய, உரையைத் தாழ்ந்த குரலில், மெதுவாக வாசித்துப் பார்க்கலாம். தாழ்த்தி வாசிக்க முடியாமல் நாக்கு தானாகக் குரலை உயர்த்தும் இடங்கள்தான் வெட்ட வேண்டிய இடங்கள்.