பூமி ‘நிற்கிறது’ என்பதற்கு ஓர் எழுத்து சாட்சி

“ஒரு சந்ததி போகிறது, மறு சந்ததி வருகிறது; பூமியோ என்றைக்கும் நிலைத்திருக்கிறது.” பைபிளில் பிரசங்கி நூலின் முதல் அதிகாரத்தில் நான்காம் வசனம் இது. வாசகர் ஒருவர் இதைக் காட்டி, எபிரேய மூலத்திலும் இது நிகழ்காலம்தானா என்று கேட்டிருந்தார். மூலத்தில் எந்தக் காலமும் இல்லை.

மூலம் இப்படி ஒலிக்கும்: தோர் ஹோலேக், வெதோர் பா, வெஹாஆரெட்ஸ் லெஓலாம் ஓமாதெத். ‘ஹோலேக்’, ‘பா’, ‘ஓமாதெத்’ மூன்றும் வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்கள் மாதிரி. நம் வினையாலணையும் பெயருக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் ‘போகிறவன்’ என்பதில் இருக்கிற ‘கிற்’ அங்கே இல்லை. பாலும் எண்ணும் உண்டு, காலமும் தன்மை முன்னிலை படர்க்கை வேறுபாடும் இல்லை. ‘ஷோமேர்’ என்றால் ‘காவல் காக்கிறான்’ என்றும் கொள்ளலாம், ‘காவலாளி’ என்றும் கொள்ளலாம். ஒரு செயலை, அதைச் செய்பவரின் தன்மையாகவே மாற்றிவிடும் வடிவம் இது.

சரி, அது இந்த வடிவம்தான் என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பழைய எபிரேயம் பெரும்பாலும் மெய்யெழுத்துகளால் மட்டும் எழுதப்பட்டது. உயிர்க்குறிகளைப் பல நூற்றாண்டுகள் கழித்து மசோரெட்டுகள் எனப்பட்ட அறிஞர்கள் சேர்த்தார்கள். அந்தக் குறிகளை நீக்கிவிட்டுப் பாருங்கள். இந்த வசனத்தின் முதல் வினையில் ஹ-ல-க் என்ற மூன்று எழுத்துகள்தான் மிஞ்சும். அதை ‘ஹோலேக்’ என்றும் படிக்கலாம், ‘போனது’ என்று பொருள்படும் ‘ஹாலக்’ என்றும் படிக்கலாம். ‘பா’ இன்னும் மோசம்: உயிர்க்குறி போட்டாலும் ‘வந்தது’, ‘வருகிறது’ இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். ஆக, முதல் இரண்டு சொற்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது சொல்தான் முடிச்சை அவிழ்க்கிறது. எபிரேயத்தில் பூமி பெண்பால். ‘பூமி நின்றது’ என்று முற்றுவினையாக எழுதியிருந்தால் சொல் ‘ஹே’ என்ற எழுத்தில் முடிந்திருக்கும். இங்கே முடிவில் நிற்பது ‘தாவ்’, அதாவது ‘த்’. அந்த ஒரு மெய்யெழுத்து, இது முற்றுவினை அல்ல என்று காட்டிவிடுகிறது. மூன்று வாக்கியங்களும் ஒரே அச்சில் அமைந்தவை என்பதால், முன்னிரண்டையும் அப்படியே படிக்கிறோம். வழக்கமாக ‘ஓமெதெத்’ என்று ஒலிக்கும் சொல், வசன முடிவில் குரல் தங்குவதால் ‘ஓமாதெத்’ என்று நீண்டிருக்கிறது.

இந்த வடிவம் மட்டுமே ‘என்றென்றும்’ என்ற பொருளைத் தந்துவிடாது. ஆதியாகமத்தில் ஆபிரகாம் கூடார வாசலில் உட்கார்ந்திருந்ததைச் சொல்வதும் இதே வடிவம்தான். அது ஒரு பகல்நேரக் காட்சி. இங்கே நிரந்தரத்தைத் தருவது ‘லெஓலாம்’ என்ற சொல். பதினேழாம் நூற்றாண்டில் சிலர் இந்த வசனத்தைப் பூமி சுழலவில்லை என்பதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். வசனம் பூமியைச் சூரியனோடு ஒப்பிடவில்லை. வந்து போகும் தலைமுறைகளோடு ஒப்பிடுகிறது. ‘ஓமாதெத்’ என்பதற்கு இங்கே ‘அசையாமல்’ என்பதைவிட ‘அழியாமல் இருந்துகொண்டு’ என்பதே பொருத்தம். வானியல் வாதத்துக்கு இதை இழுத்தது மொழிக்குச் செய்த அநீதி என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம், ‘நிற்பது’ இயல்பில் ஒரு செயல். அதை நிலையாக்கத்தான் இந்த வடிவம் தேவைப்பட்டது. பிறவியிலேயே நிலையைக் குறிக்கும் வினைகளும் எபிரேயத்தில் உண்டு. வயதான ஈசாக்கு ‘ஸாக்கந்தி’ என்கிறார். வடிவம் முற்றுப்பெற்றது, பொருளோ ‘நான் இப்போது கிழவன்’. நாமும் ‘எனக்கு வயசாயிடுச்சு’ என்று இறந்தகாலத்தில்தான் சொல்கிறோம்.

அதே அதிகாரத்தின் ஏழாம் வசனத்தில் இப்படி ஒரு சொல் வருகிறது. நதிகளெல்லாம் கடலுக்குப் போகின்றன, கடலோ ‘ஏனென்னூ மாலே’. ‘மாலே’ என்பது ‘நிறைந்தது’ என்ற முற்றுவினையாகவும் இருக்கலாம், ‘நிறைந்த’ என்ற நிலையாகவும் இருக்கலாம். ஒலியிலும் எழுத்திலும் வித்தியாசமே கிடையாது. இங்கே சாட்சி சொல்வது எதிர்மறைச் சொல். முற்றுவினையை மறுக்க ‘லோ’ வரும். பெயர்த்தன்மை கொண்டதை மறுக்கப் பெரும்பாலும் ‘ஏன்’ வரும். ‘ஏனென்னூ’ என்பது அந்த ‘ஏன்’ சொல்லோடு ‘அது’ சேர்ந்த வடிவம். ஆகவே ‘கடல் நிறையவில்லை’ என்று ஒரு முறை நடந்ததைச் சொல்லவில்லை. எவ்வளவு தண்ணீர் வந்தாலும் நிறைந்ததாக இல்லாமலே இருக்கிறது என்று சொல்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘நிரம்பாது’ என்கிறது. அந்தச் சொல்லிலும் காலம் காட்டும் இடைநிலை கிடையாது.